இணைப்பு மூன்று என்றால் மூன்றும் வந்ததா? ஆடிட்டர் ஆபீஸில் மெயில் பார்க்க உட்கார்பவர்களுக்கு

சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பல வருடமாக மெயில் பெட்டியைப் பார்த்துவருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தை ஆடிட்டரே சொல்லிக்கொடுத்துவிடுவார். மெயிலைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். வேலை எளிமையானதுதான். கட்சிக்காரர் "இதோட வச்சிருக்கேன்" என்று எழுதியது நம் கைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வராததை அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். இதில் தப்பு நடந்தால் பெரும்பாலும் தாக்கல் செய்யும் நாளன்று சாயந்திரம்தான் தெரியவரும்.

ஒரே ஒரு மெயிலை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்த்துவிடலாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஜூலை 9 காலையில் அனுப்பியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்பதால் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான விற்பனை விவரத்தை, அதாவது GSTR-1-ஐ, ஜூலை 13-க்குள் ஏற்ற வேண்டும். மெயில் இப்படி இருந்தது:

"வணக்கங்க. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் சேல்ஸ் பில்லு 47-ம் இதோட வச்சிருக்கேன். ஜாப் ஒர்க் சலான் தனியா அனுப்பறேன். பாத்துக்குங்க."

அதன் கீழே, கடிதம் எழுதிப் பழகியவர்கள் போடுவதுபோல ஒரு வரி:

"இணைப்பு: 1. வங்கி அறிக்கை (ஜன–மார்ச்) 2. விற்பனை பில்கள் 3. சலான்"

அதற்கும் கீழே மெயில் திரையில் மூன்று ஃபைல்கள்: stmt.pdf, bills.pdf, image001.png.

அன்று என் பக்கத்து நாற்காலியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் இருந்தாள். "மூணு சொல்லியிருக்காருங்க, மூணு வந்திருக்குங்க" என்று பதிவேட்டில் டிக் போடப் போனாள். பேனாவைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

எதையும் திறக்காமல் முதலில் படியுங்கள்

கிளிப் படத்தைப் பார்த்ததும் ஃபைலைத் திறக்கத்தான் கை போகும். திறந்துவிட்டால் நம் கண் அந்த ஃபைலுக்குள் இருப்பதை வைத்துத்தான் கடிதத்தைப் படிக்கும், வராத ஒன்று கண்ணில் படாது. அதனால் முதலில் கடிதத்தை மட்டும் படித்து, ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: கடிதத்தில் சொன்னது, "இணைப்பு" வரியில் எழுதியது, நிஜமாக வந்தது. மூன்றாவது பத்தி இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும்.

கொலுசுக்காரர் கடிதத்தில் சொன்னது: ஸ்டேட்மென்ட், ஏப்ரல்–ஜூன். பில், 47 எண்ணம். சலான், ஒரு கேள்விக்குறி. இணைப்பு வரியில் இருப்பது: ஸ்டேட்மென்ட், ஜனவரி–மார்ச். பில், எண்ணிக்கை இல்லை. சலான்.

ஒரு ஃபைலைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் இரண்டு முரண் வந்துவிட்டது. ஜனவரி–மார்ச் என்பது போன காலாண்டு மெயிலில் இருந்து நகலெடுத்த வரி. பழைய மெயிலை எடுத்து மேலே இருப்பதை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அடியில் இருக்கும் வரியை யாரும் தொடுவதில்லை. ஆகவே கடிதமும் இணைப்பு வரியும் மோதினால் கடிதத்தில் எழுதியதுதான் அவர் இன்றைக்கு நினைத்தது என்று எடுத்துக்கொள்வேன். ஆனால் அதோடு விட்டுவிட மாட்டேன். வந்திருக்கும் ஃபைலே ஜனவரி–மார்ச் ஆகவும் இருக்கலாம் அல்லவா? திறந்து பார்த்தால்தான் தெரியும்.

"அனுப்பறேன்" என்றால் எப்போது?

இரண்டாவது முரண் சலான். இணைப்பு வரியில் இருக்கிறது, கடிதத்தில் "தனியா அனுப்பறேன்" என்று இருக்கிறது. நம் பேச்சில் "அனுப்பறேன்" என்பதற்கு இப்போது அனுப்புகிறேன் என்றும் பொருள், நாளைக்கு அனுப்புவேன் என்றும் பொருள். "தனியா" என்பதும் அப்படித்தான். தனி ஃபைலாக இதே மெயிலில் இருக்கிறது என்றும் கொள்ளலாம், வேறு மெயிலில் வரும் என்றும் கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் போடுவதாகக்கூட இருக்கலாம்.

எனவே வினைச்சொல்லைப் பாருங்கள். "வச்சிருக்கேன்", "இணைச்சிருக்கேன்", "இத்துடன் உள்ளது", "கீழே இருக்கு" என்றால் ஃபைல் இந்த மெயிலில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் விட்டுப்போயிருக்கிறது, கேட்கலாம். "அனுப்பி வைக்கிறேன்", "பின்னாடி தர்றேன்" என்பது வாக்கு. அதற்கு இன்றைக்கே "வரலைங்களே" என்று எழுதினால், சொன்னதையே படிக்காதவர் என்று அவர் நினைப்பார். நடுவில் நிற்கும் "அனுப்பறேன்" போன்றவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு வைத்து, விட்டுப்போனது என்று சொல்லாமல் எப்போது வரும் என்று மட்டும் கேளுங்கள்.

"ஏற்கெனவே அனுப்பியபடி" என்று ஒன்று வரும். அதை நம்பிவிடாமல் பழைய மெயிலைத் தேடி எடுங்கள். ஜிமெயிலில் அனுப்பியவர் முகவரியோடு சேர்த்து இப்படித் தேடலாம்:

```
from:(முகவரி) has:attachment filename:pdf
```

எண்ணிக்கை ஒத்துப்போவதுதான் பெரிய பொறி

மூன்று என்று எழுதி மூன்று வந்திருந்ததால்தான் அந்தப் பெண் ஏமாறப் பார்த்தாள். image001.png என்ற பெயரைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். அவுட்லுக்கில் கையெழுத்துக்குக் கீழே கடை லோகோ வைத்திருந்தால் அந்தப் படம் இந்த மாதிரிப் பெயரில்தான் கூடவே வரும். சில மெயில் செயலிகள் அதையும் ஒரு ஃபைலாகக் கணக்கில் காட்டிவிடும். திறந்து பார்த்தோம், பட்டறை பெயர் போட்ட லோகோதான். என் முதல் வருடத்தில், வேறோர் இடத்தில், இதே மாதிரி ஒரு லோகோவின் கிளிப் படத்தைப் பார்த்து "வந்தது" என்று பதிந்துவிட்டு, நான்கு நாள் கழித்து வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

சந்தேகம் தீராவிட்டால் மெயிலின் மூலத்தைப் பாருங்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் Show original என்று இருக்கும். தண்டர்பேர்டில் Ctrl+U. திறக்கும் பக்கம் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் Content-Disposition என்ற சொல்லை மட்டும் தேடினால் போதும். கொலுசுக்காரர் மெயிலில் இருந்தது இவ்வளவுதான்:

```
Content-Disposition: attachment; filename="stmt.pdf"
Content-Disposition: attachment; filename="bills.pdf"
Content-Disposition: inline; filename="image001.png"
```

attachment என்று இருப்பவை அனுப்பியவர் தனியாகச் சேர்த்த ஃபைல்கள். inline என்பது கடிதத்துக்குள்ளேயே காட்டப்படும் படம். எல்லா செயலியும் இதை ஒழுங்காகப் பிரித்து எழுதும் என்று சொல்ல முடியாது. செல்போனில் இருந்து அனுப்பும்போது பில்லை எடுத்த போட்டோவே inline ஆக வருவது உண்டு. அதனால் inline என்றதும் தள்ளிவிடாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆனால் இந்தப் பட்டியலிலேயே ஒரு ஃபைல் இல்லையென்றால் பெரும்பாலும் அது அந்த மெயிலோடு வந்திருக்காது. நம் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம்.

திறந்த பிறகு, பெயரை நம்பாதீர்கள்

stmt.pdf என்ற பெயர் எதையும் சொல்லாது. ஸ்டேட்மென்ட்டில் மூன்று இடம் பாருங்கள்: யார் கணக்கு, தலையில் போட்டிருக்கும் தேதி, கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. நல்லவேளையாக இது ஜனவரி–மார்ச் இல்லை. ஏப்ரல் 1-இல் தொடங்கியிருந்தது. ஆனால் கடைசி வரி ஜூன் 14. பக்கங்கள் "1 of 9"-இல் தொடங்கி "9 of 9" வரை முழுசாக இருந்தன. ஆக, ஃபைல் உடையவில்லை, பக்கம் தொலையவில்லை. அவர் ஜூன் பாதியில் வேறு எதற்கோ இறக்கி வைத்திருந்ததையே எடுத்து வைத்துவிட்டார். இப்படிப்பட்டதை நான் பாதி வந்தது என்று குறிப்பேன். வரவில்லை என்று எழுதினால் "அதான் அனுப்புனேனே" என்று பதில் வரும், அவர் சொல்வதும் சரிதான்.

பக்க எண் இல்லாத ஸ்டேட்மென்ட்டும் வரும். அப்போது ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இருப்பையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் பாருங்கள். முந்தைய இருப்போடு அந்த வரியின் வரவைக் கூட்டி, அல்லது பற்றைக் கழித்தால், அந்த வரியின் இருப்பு வர வேண்டும். வராத இடத்தில் ஒரு பக்கம் இல்லை.

பில்லுக்கு வேறு வழி. bills.pdf-இல் 46 பக்கம் இருந்தது, ஒரு பில்லுக்கு ஒரு பக்கம். சொன்னது 47. எந்த பில் இல்லை என்று தெரியாமல் "ஒண்ணு குறையுதுங்க" என்று கேட்டால், பட்டறையில் முழுக் கட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள். பில்லுக்கு வரிசை எண் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முதல் பில் 118, கடைசி 164. கடைசியில் இருந்து முதலைக் கழித்து ஒன்று கூட்டினால் 47. அவர் சொன்ன கணக்கு சரி. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால் 138-க்கு அடுத்து 140 வந்தது. இல்லாதது 139.

இந்த ஒன்று கூட்டுவதை மறந்து 46 என்று கணக்குப் போட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடித்தவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் ஒன்று முதல் மூன்று வரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், மூன்றில் ஒன்றைக் கழித்தால் இரண்டுதான்.

கேட்பதற்கு முன் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கேட்டு எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதே ஆள் அடுத்த சில நிமிடத்தில் இன்னொரு மெயில் போட்டிருக்கிறாரா, ஸ்பாமில் ஏதாவது கிடக்கிறதா, ஆபீஸ் வாட்ஸ்அப் எண்ணுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஆபீஸிலேயே ஒருவர் "ரிப்ளை" அடித்துப் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பதில் மெயிலில் பழைய ஃபைல் ஒட்டிக்கொண்டு வராது. "ஃபார்வர்டு" செய்தால் வரும். ரிப்ளை சங்கிலியின் கடைசி மெயிலை மட்டும் பார்த்துவிட்டு ஃபைல் இல்லை என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சங்கிலியின் முதல் மெயில் வரை போய்ப் பாருங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட் கட்சிக்காரர்களிடம் இருந்து வேறு ஒரு சங்கதி வரும். காபித் தோட்டத்து கூலிப் பட்டியலை ரைட்டர் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து மொத்தமாக அனுப்புவார். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் எல்லை. அதைத் தாண்டினால் ஃபைல் ஒட்டாது, கூகுள் டிரைவில் ஏறி, கடிதத்தில் அதன் இணைப்புச் சுட்டி மட்டும் நிற்கும். மெயிலில் அனுப்பும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதால், வேறு மெயில் சேவைகளிலும் எல்லை என்று போட்டிருப்பதற்கு முன்பே முட்டிக்கொள்வது உண்டு. சுட்டியை அழுத்தினால் சில நேரம் You need access என்று வரும். இது விட்டுப்போன ஃபைல் இல்லை, பூட்டிய கதவு. "ஃபைல் வரலை" என்று எழுதினால் ரைட்டர் அதையே திரும்ப அனுப்புவார், திரும்பவும் கதவு பூட்டித்தான் இருக்கும். "லிங்க் வந்துருச்சுங்க, திறக்க அனுமதி கேக்குது, எங்க ஆபீஸ் மெயிலுக்கு அனுமதி குடுத்துருங்க" என்று எழுத வேண்டும். திறந்ததும் ஒரு நகலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரைவில் இருக்கும் ஃபைலை அவர்கள் நாளைக்கு மாற்றினாலும் சுட்டி அதேதான். கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், ரைட்டர் அந்நேரம் இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் பஸ்ஸில் இருப்பார், சிக்னல் இருக்காது. எழுதியே அனுப்புங்கள்.

சொல்லாத ஒன்று கூடுதலாக வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவருடைய ஸ்டேட்மென்ட் தவறிப்போய் வந்திருந்தால் முதல் பக்கத்தோடு மூடிவிட்டு, ஆடிட்டரிடம் சொல்லி, அனுப்பியவருக்கும் தெரியப்படுத்துங்கள். கடிதத்தில் பேச்சே இல்லாத .zip, .html ஃபைல் என்றால் திறக்கவே வேண்டாம், போன் போட்டு அவர்தான் அனுப்பினாரா என்று கேளுங்கள்.

எப்படிக் கேட்பது

"நீங்க அனுப்பலை" என்று தொடங்காதீர்கள். அவர் அனுப்பினாரா இல்லையா என்பது நமக்குத் தெரியாது, நமக்கு வந்ததா என்பதுதான் தெரியும். "எங்களுக்கு வந்தது இது" என்று தொடங்கினால் அவரும் தன் அனுப்பிய பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வந்ததை ஃபைல் பெயரோடு சொல்லுங்கள். வராததை அவர் தேடி எடுக்கும் அளவுக்குக் குறிப்பாகச் சொல்லுங்கள். எது எந்தத் தேதிக்கு வேண்டும் என்றும் சொல்லுங்கள், எல்லாவற்றையும் "அவசரம்" என்றால் எதுவும் அவசரமாகத் தெரியாது. கொலுசுக்காரருக்கு அன்று போன பதில்:

"வணக்கங்க அண்ணா. உங்க மெயில்ல stmt.pdf, bills.pdf ரெண்டும் வந்துச்சுங்க.
1. பில்: 118-ல இருந்து 164 வரைக்கும் பாத்தோம். 139-ஆம் நம்பர் மட்டும் இதுல இல்லைங்க. கேன்சல் ஆனதுங்களா, ஸ்கேன்ல விட்டுப்போச்சுங்களா? 11-ஆம் தேதிக்குள்ள சொன்னா போதும்.
2. ஸ்டேட்மென்ட்: ஜூன் 14 வரைக்கும்தான் இருக்குங்க. ஜூன் 15-ல இருந்து 30 வரைக்கும் வேணும். இது 18-ஆம் தேதிக்குள்ள வந்தா சரிங்க.
3. ஜாப் ஒர்க் சலான்: தனியா அனுப்பறதா சொல்லியிருந்தீங்க, எப்ப எதிர்பாக்கலாம்?"

பில்லுக்கு ஏன் முதலிடம் என்றால், 13-ஆம் தேதி ஏற்ற வேண்டியதற்கு அதுதான் வேண்டும். ஸ்டேட்மென்ட்டை அதற்கு அடுத்த GSTR-3B-க்கு முன்னால் வரவுகளோடு ஒப்பிடப் பார்ப்போம், தமிழ்நாட்டில் அவருக்கு அது ஜூலை 22. இணைப்பு வரியில் ஜனவரி–மார்ச் என்று இருந்ததை மெயிலில் எழுதவில்லை. ஃபைல் சரியான காலத்தில் தொடங்குவதைப் பார்த்துவிட்டோம், பிறகு அதைச் சொல்லிக் காட்டுவதில் பயனில்லை. நம் தாளில் மட்டும் குறிப்பு இருக்கிறது.

வராததற்குப் பதில் நாமே ஒன்றை வைத்து நிரப்பக் கூடாது. போன காலாண்டு சலானைப் பார்த்து இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று போடுவது, 139-ஐ இல்லாத பில்லாகவே விட்டுவிடுவது எல்லாம் அதில் சேர்த்திதான். பதிவேட்டில் "வந்தது", "பாதி", "கேட்டிருக்கிறோம்" என்று தேதியோடு எழுதுங்கள். வெறும் டிக் மட்டும் போட்டால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் புரியாது.

நம் பக்கத்திலிருந்து போகும் மெயிலுக்கும் ஒரு வார்த்தை. தண்டர்பேர்டு வைத்திருந்தால் Settings-இல் Composition பகுதியில் Check for missing attachments என்று இருக்கும். பக்கத்தில் உள்ள Keywords-ஐத் திறந்து "இணைத்துள்ளேன்", "இணைத்துள்ளோம்", "இணைப்பு", "இத்துடன்" என்று நீங்கள் வழக்கமாக எழுதும் வடிவங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுங்கள். அந்தச் சொல் இருந்து ஃபைல் இல்லாமல் அனுப்பப் போனால் அது நினைவூட்டும். தப்பான ஃபைலை ஒட்டியிருந்தால் அதற்குத் தெரியாது.

கொலுசுக்காரர் 10-ஆம் தேதி மத்தியானம் போன் செய்தார். "தம்பி, 139 கேன்சலுப்பா. எழுதி முடிச்சப்புறம் வேண்டாம்னுட்டாங்க. பில்லு புக்குலயேதான் இருக்கு." அதை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். GSTR-1-இல் வெளியிட்ட ஆவணங்களின் விவரம் கேட்கும் அட்டவணை 13-இல் 118 முதல் 164 வரை, மொத்தம் 47, ரத்து 1, நிகரம் 46 என்று போட வேண்டும். கேட்காமல் 46 பில் என்று மட்டும் வைத்திருந்தால் இந்த இடத்தில் கை நின்றிருக்கும். சலான்கள் கூலி வேலை செய்பவர் வீட்டில் இருப்பதாகவும், திங்கட்கிழமை வாங்கித் தருவதாகவும் சொன்னார். "தனியா" என்பதற்கு நாங்கள் யோசிக்காத நான்காவது பொருள் அது. சாயந்திரம் குறுக்கே இரண்டு கோடு போட்ட பில்லின் படம் வந்தது. மெயிலில் ஃபைல் இரண்டு காட்டியது, ஒன்று வழக்கம்போல லோகோ.